கார்டுல ஜீரோன்னா, ரெண்டு ஜீரோ இருக்கு

போன தீபாவளிக்கு ஆமத்தூர் மாமா எனக்கு 2,000 ரூபாய் கிஃப்ட் கார்டு கொடுத்தார். விருதுநகர்ல ஒரு துணிக்கடையில வாங்கினது. சட்டை எடுத்துட்டு கவுண்டர்ல நீட்டினா, "பேலன்ஸ் ஜீரோங்க"ன்னு சொல்லிட்டாங்க. பின்னாடி சுரண்டுற பட்டையைக்கூட நான் தொடலை. மாமாவையே ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன்.

அப்போ கேட்க வேண்டியது பேலன்ஸை இல்ல, கார்டோட ஹிஸ்டரியை. கேட்டேன். திரையில ஒரு வரிகூட இல்லை. அதாவது பணம் செலவாகலை, ஏறவே இல்லை. கடையில தொங்கும்போது அந்தக் கார்டு வெறும் பிளாஸ்டிக்தான். கேஷியர் ஆக்டிவேட் பண்ணினாதான் பணம் ஏறும். பில் மட்டும் போட்டு, அதை விட்டிருக்காங்க. மாமா பில்லை வாட்ஸ்அப்ல அனுப்பினார். அதிலிருந்த கார்டு எண் ஒத்துப்போனதும் மேனேஜர் அங்கேயே ஏத்திக் கொடுத்தார்.

ஹிஸ்டரியில பணம் ஏறி, செலவாகியும் இருந்தா கதை வேற. எண்ணை வேற யாரோ பயன்படுத்தியிருக்கலாம். எந்தக் கிளை, எந்த நாள், எத்தனை மணின்னு கேட்டு, புகாரை மெயில்ல எழுதுங்க. பதில் வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒரே கடையில மட்டும் செல்லுற கார்டை ரிசர்வ் வங்கி கட்டுப்படுத்துறதில்லை. அதனால அங்கே போக வேண்டாம்.

கார்டு பரிசு கொடுத்தா பில்லையும் சேர்த்துக் கொடுங்க. விலை தெரிஞ்சிடுமேன்னு கிழிக்காதீங்க. விலைதான் கார்டுலயே இருக்கே!