பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவோருக்கு



நகரத்திலிருந்து பதினெட்டுக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒரு கிராமத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரை மனத்திற் கொள்ளுங்கள். சிக்கனக் கடனுதவிச் சங்கத்திற் பெற்ற கடனையும் கைச்சேமிப்பையும் கொண்டு பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க அவர் எண்ணுகிறார். அவர் முன்னே இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று காபுரேற்றர் பொருத்தியது. மற்றையது பெற்றோலை இன்ஜெக்ரர் மூலம் பீச்சுவது. அதன் விலை அறுபதாயிரம் ரூபா அதிகம். தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே உள்ளன. எதனை வாங்குவது?

இவ்வினா இன்று பலருக்கும் எழுவதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் 2020 ஏப்ரல் மாதம் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன் பின் அங்கு செய்யப்பட்ட சிறிய மோட்டார் சைக்கிள்களுட் பெரும்பாலானவை இன்ஜெக்சன் முறைக்கு மாறின. சில வகைகள் அதற்கு முன்பே மாறியிருந்தன. யமஹா எஃப்.இஸட். என்னும் வண்டி 2008இல் 153 சி.சி. காபுரேற்றர் வண்டியாக வெளிவந்து, 2014இல் 149 சி.சி. இன்ஜெக்சன் வண்டியாக மாறியமை ஓர் உதாரணம். இலங்கையிலோ 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இன் தொடக்கத்திலேயே தனியார் வாகனங்களுக்கு அத்தடை தளர்ந்தது. ஆகவே நம் பழைய வண்டிச் சந்தையில் காபுரேற்றர் வண்டிகள் மிகுதியாகவும், இன்ஜெக்சன் வண்டிகள் இடையிடையேயும் காணப்படுகின்றன.

இரண்டின் வேலையும் ஒன்றே: காற்றோடு பெற்றோலை உரிய அளவிற் கலந்து இயந்திரத்துக்கு ஊட்டுதல். காபுரேற்றரில் இயந்திரம் உள்ளிழுக்கும் காற்றே, ஒரு சிறு கிண்ணத்திலுள்ள பெற்றோலை நுண்ணிய துளைகளினூடாக உறிஞ்சிக்கொள்கிறது. அத்துளைகளை ஜெற் என்பர். அவற்றின் அளவு மாறாது. இன்ஜெக்சன் முறையிலோ தாங்கியினுள்ளே இருக்கும் மின்பம்பி பெற்றோலை ஏறத்தாழ மூன்று வளிமண்டல அழுத்தத்துக்கு உயர்த்துகிறது. காற்றின் அழுத்தம், இயந்திரத்தின் வெப்பம், புகையிலுள்ள ஒட்சிசன் ஆகியவற்றை உணர்கருவிகள் அறிவிக்க, ஒரு சிறு மின்னணுப் பெட்டி கணக்கிட்டு இன்ஜெக்ரரைத் திறந்து மூடுகிறது. முன்னது தானே இயங்கும். பின்னது மின்சாரத்தை நம்பி இயங்கும். மற்றைய வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் ஸ்ரார்ட் செய்தலைப் பார்ப்போம். ஆசிரியர் காபுரேற்றர் வண்டியைப் பார்க்கச் சென்றபோது, உரிமையாளர் ஒரே உதையில் அதனை இயக்கிக் காட்டினார். ஆசிரியர் இயந்திரத்தின் மீது கையை வைத்தார், சூடாக இருந்தது. சூடான இயந்திரம் எதனையும் மறைத்துவிடும். ஆகவே, மறுநாள் விடியற்காலையில் வருவதாகவும், அதற்கு முன் வண்டியைத் தொடவேண்டாம் எனவும் கூறிச் சென்றார். மறுநாள் இயந்திரம் குளிர்ந்திருந்தது. சோக்கை இழுத்தவுடன் அது இயங்கியது. ஆனால் சோக்கைத் தள்ளியவுடன் நின்றுவிட்டது. இருமுறை செய்து பார்த்தும் அவ்வாறே.

குளிர்ந்த இயந்திரத்தில் பெற்றோல் நன்கு ஆவியாகாது. ஆதலாற் சிறிது நேரம் பெற்றோல் மிகுந்த கலவை வேண்டும்; சோக் அதனைக் கொடுக்கிறது. ஓரிரு நிமிடத்தில் இயந்திரம் சூடேறியபின்பும் சோக்கின்றி நில்லாதாயின், மெதுவான ஓட்டத்துக்குப் பெற்றோல் தரும் சிறு ஜெற் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். அத்துளை அரை மில்லிமீற்றருக்கும் சிறியது. வண்டி மாதக்கணக்கில் நின்றால், கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாகி, பிசின்போன்ற படிவு அதனை மூடிவிடுகிறது. இக்குறை பெரிதன்று. காபுரேற்றரைக் கழற்றிக் கழுவி, ஜெற்றைக் காற்றினால் ஊதிச் சுத்தஞ் செய்யக் கிராமத்து மெக்கானிக்குக்கு அரைநாள் போதும். கம்பியினாற் குத்தக் கூடாது; துளை பெருத்தால் பெற்றோற் செலவு நிலையாகவே கூடிவிடும். ஆசிரியர் இக்குறையைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம் என மனத்திற் குறித்துக்கொண்டார்.

வேறொன்றையும் அவர் பார்த்தார். இயந்திர எண்ணெய் அளவிடும் கோலை எடுத்து மணந்து பார்த்தார். கிண்ணத்துக்குப் பெற்றோல் வருவதைத் தடுக்கும் மிதவை ஊசி தேய்ந்திருந்தால், வண்டி நிற்கும்போது பெற்றோல் வழிந்து எண்ணெயிற் கலந்துவிடும். எண்ணெயின் மட்டம் ஏறியும் அது பெற்றோல் மணத்தோடும் இருந்தால், அந்த எண்ணெயில் ஓடிய இயந்திரத்தின் உட்பாகங்களும் தேய்ந்திருக்கக்கூடும். அத்தகைய வண்டியை விட்டுவிடுதலே நன்று. இவ்வண்டியில் அக்குறை இல்லை.

அடுத்து இன்ஜெக்சன் வண்டி. இதற்குச் சோக் இல்லை. சாவியைத் திருப்பியவுடன் தாங்கியிலிருந்து இரண்டு மூன்று வினாடி மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டு நிற்கவேண்டும். பம்பி அழுத்தத்தை உண்டாக்கும் ஒலி அது. அதே வேளையில், முன் பலகையில் இயந்திர வடிவமுள்ள சிறு விளக்கு எரிந்து அணையவேண்டும். சில வண்டிகளில் இயந்திரம் இயங்கியபின் அணையும். இயங்கும்போதும் எரிந்துகொண்டிருந்தால் குறை உண்டு என்பது பொருள். இவ்வளவையும் பலர் அறிவர். ஆனால் சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியவே இல்லையாயின் அது நன்மையன்று, சந்தேகத்துக்குரியது என்பதைச் சிலரே கவனிக்கின்றனர்.

ஆசிரியர் கவனித்தார். பம்பி ஒலித்தது; வண்டி முதல் அழுத்திலேயே இயங்கியது; விளக்கு மட்டும் ஒருபோதும் எரியவில்லை. "பல்ப் பழுதாகிவிட்டது ஐயா" என்றார் உரிமையாளர். ஆசிரியரோடு வந்த மெக்கானிக் முன் பலகையைத் திறந்து பார்க்கையில், விளக்கின் கம்பி வெட்டப்பட்டிருந்தது. அதனை இணைத்தவுடன் விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கிற்று. பல வண்டிகளில் இம்மின்னல்களே குறையின் இலக்கத்தைச் சொல்லும். நீண்டன பத்தாகவும், குறுகியன ஒன்றாகவும் எண்ணப்படும். வண்டிக்குரிய கைநூலோடு ஒப்பிட்டபோது அது ஒட்சிசன் உணர்கருவியைக் குறித்தது. புகைக்குழாய் அருகே அதன் இணைப்பு பச்சை பூத்திருந்தது. வேகமான நீரால் வண்டி கழுவும்போது நீர் புகுந்து இவ்வாறாவதுண்டு.

இணைப்பைச் சுத்தஞ் செய்வது சிறு வேலை. உணர்கருவியையே மாற்றவேண்டுமாயின் செலவு கூடும். ஆயினும் ஆசிரியரை உறுத்தியது அச்செலவன்று. ஒரு குறையை மறைக்கக் கம்பியை வெட்டியவர் வேறெதனை மறைத்தார் என்பதை எவ்வாறு அறிவது? விளக்கு அணைந்திருப்பதும் முழு நற்சான்றன்று. மின்குறையை அது சொல்லும். பம்பியின் வடிகட்டி அடைபட்டிருப்பதை அது பெரும்பாலும் சொல்லாது. அதனை அறிய ஏற்றமான தெருவில் முழு வேகத்துக்கு முறுக்கிப் பார்க்கவேண்டும். பாரம் ஏறும்போது வண்டி திக்கித் திணறினால் பெற்றோல் அழுத்தம் போதாமல் இருக்கலாம்.

பற்றரியும் அளக்கப்பட வேண்டும். வண்டி நிற்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ற்றும், இயங்குகையில் 13.5 முதல் 14.5 வரையும் காட்டினால் நலம். பழைய காபுரேற்றர் வண்டிகள் பலவற்றை, பற்றரி செத்திருந்தாலும் உதைத்து இயக்கிவிடலாம். இன்ஜெக்சன் வண்டியிலோ பற்றரி முற்றாக இறங்கினால் பம்பியும் பெட்டியும் பொதுவாக உறங்கிவிடும். கிராமத்து வீதியில் இரவில் இந்த வேறுபாடு சிறியதன்று.

இனிப் பெற்றோற் செலவு. தாங்கியை நிரப்பி ஓடி, மீண்டும் அதே மட்டத்துக்கு நிரப்பி, இட்ட லீற்றரால் தூரத்தை வகுப்பதே நம்பத்தக்க அளவு. விற்பவரின் சொல் அன்று. காபுரேற்றர் வண்டி லீற்றருக்கு 45 கிலோமீற்றரும், மற்றையது 50 கிலோமீற்றரும் ஓடுகின்றன எனக் கொள்வோம். ஆசிரியர் நாளொன்றுக்கு 40 கிலோமீற்றராக, மாதம் இருபத்தைந்து நாள், ஆயிரம் கிலோமீற்றர் ஓடுவார். முன்னதற்கு 22.2 லீற்றரும் பின்னதற்கு 20 லீற்றரும் வேண்டும். மிச்சம் 2.2 லீற்றர். கணக்கின் எளிமைக்காக லீற்றர் 300 ரூபா எனின், மாதம் சுமார் 670 ரூபா மிச்சமாகும். மேலதிகமாகக் கொடுத்த அறுபதாயிரம் ரூபா மீள ஏழரை ஆண்டு செல்லும். அதற்குள் ஒருமுறை பம்பியை மாற்ற நேர்ந்தால் கணக்கு இன்னும் நீளும்.

எனினும் இக்கணக்கு எல்லோருக்கும் ஒன்றன்று. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்று மெலிந்திருக்கும். காபுரேற்றரின் துளையோ மாறாது. கீழ்நாட்டுக்குச் சீர்செய்த வண்டி அங்கே பெற்றோல் மிகுந்து கரும்புகை கக்கும், இழுவை குறையும். இன்ஜெக்சன் வண்டி காற்றின் அழுத்தத்தை அறிந்து தானே குறைத்துக்கொள்ளும். குளிர்ந்த காலையில் இலகுவாகவும் இயங்கும். மலைநாட்டில் ஏறி இறங்குவோரும், நகரத்தில் நல்ல கறாச் அருகில் உள்ளோரும் அதனை விரும்புவது நியாயமே.

நம் ஆசிரியரின் ஊர் சமவெளி. அவருடைய கிராமத்து மெக்கானிக்கிடம் குறட்டும் திருகாணிக் கருவியும் உண்டு. மின்னணுப் பெட்டியைப் பரிசோதிக்கும் கருவி இல்லை. ஆதலால் அவர் காபுரேற்றர் வண்டியையே தெரிந்தார். ஜெற்றைச் சுத்தஞ் செய்து, மறுபடியும் ஒரு குளிர்ந்த காலையில் சோக்கின்றி நின்று ஓடுவதைக் காட்டிய பின்பே பணம் தருவதாக நிபந்தனை விதித்தார். உரிமையாளர் உடன்பட்டார். மூன்றாம் நாள் விடியலில் இயந்திரத்தின்மீது கையை வைத்துப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. சோக்கோடு இயங்கிற்று, ஒரு நிமிடத்தில் சோக்கைத் தள்ளியபோதும் சீராகவே நின்று ஓடிற்று. அதன் பின்பே பணத்தை எண்ணிக் கொடுத்தார்.