எட்டு நோயாளிகளின் கணக்கு

ஆராய்ச்சியாளர் ஒருவர் தம் ஆய்வின் முடிவை எழுதி, துறைசார்ந்த இதழொன்றுக்கு அனுப்புகிறார். இதழாசிரியர் அதை உடனே அச்சுக்குக் கொடுப்பதில்லை. அத்துறையறிந்த ஒருவரிடமோ இருவரிடமோ அனுப்பிக் கருத்துக் கேட்கிறார். அவர்களை ஆங்கிலத்தில் 'ரெஃபரீ' என்பர். நாம் அச்சொல்லைத் தமிழாக்கும்போது 'நடுவர்' என்று எழுதினால் பந்தாட்ட மைதானம்தான் நினைவுக்கு வரும். ஊதுகுழல் ஊதி ஆட்டக்காரரை வெளியேற்றுவது இவருடைய வேலையன்று. எழுதியவர் எந்த இடத்தில் சான்றுக்கு மேல் சொல்லிவிட்டார், அதை எவ்வாறு சரிசெய்யலாம் என்று காட்டுவதே இவர் வேலை. ஆதலின் 'மதிப்பீட்டாளர்' என்றே வழங்குவோம்.

மதிப்பீட்டாளர் புள்ளிவிவரக் கணக்கை எவ்வாறு நோக்குகிறார் என்பதை ஓர் உண்மையான கணக்கைக் கொண்டே காண்போம். 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியை நேயர்கள் அறிவர். அதனருகே ஆரோக்கியவரம் என்னும் இடத்தில் புகழ்பெற்ற காசநோய் மருத்துவமனை இருந்தது. டென்மார்க் நாட்டு மருத்துவர் ஃப்ரிமொட் முல்லரும் அவருடன் பணியாற்றியோரும் 1950 முதல் சுற்றுப்புறக் கிராம மக்களிடையே பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனைச் சோதித்தனர். ஒரு பகுதியினருக்கு ஊசி போட்டனர். மறு பகுதியினரைப் போடாமல் விட்டனர். இரு சாராரையும் நெடுங்காலம் கவனித்து வந்தனர். 1964இலும் 1973இலும் முடிவுகள் வெளிவந்தன.

1973ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து நான்கு எண்கள் இன்றும் உலகெங்கும் புள்ளியியல் வகுப்புகளில் எடுத்தாளப்படுகின்றன. ஊசி போடப்பெற்றோர் 5,069 பேர். அவர்களுள் காசநோய் கண்டவர் 33 பேர். போடப்பெறாதோர் 5,808 பேர். அவர்களுள் நோய் கண்டவர் 47 பேர்.

இனி ஒரு கற்பனை. திருப்பதி மருத்துவக் கல்லூரி இளைஞர் ஒருவர் இந்த நான்கு எண்களை மட்டும் வைத்து ஒரு கட்டுரை எழுதுகிறார் என்று கொள்வோம். "ஒருவர் விட்டு ஒருவராக ஊசி போடப்பட்டது. தடுப்பூசி காசநோயை நூற்றுக்கு இருபது குறைத்தது" என்பது அவர் முடிவு. கட்டுரை மதிப்பீட்டுக்கு வருகிறது. மூல ஆய்வாளர் எவரும் இவ்வாறு எழுதவில்லை. கட்டுரையும் அதன் ஆசிரியரும் நம் கற்பனை, எண்கள் மட்டுமே உண்மை.

மதிப்பீட்டாளர் முதலில் வகுத்தல் கணக்கைச் சரிபார்க்கிறார். ஊசி போட்டவருள் ஆயிரத்துக்கு ஆறரை பேருக்கும், போடாதவருள் ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்குச் சற்று மேலாகவும் நோய் கண்டிருக்கிறது. முன்னது பின்னதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே 'நூற்றுக்கு இருபது' என்பது கணக்கில் பிழையன்று. ஆனால் அந்த இருபதுக்குப் பின்னால் நிற்பவர் எத்தனை பேர்? ஊசி போடாதவரின் விகிதமே ஊசி போட்ட 5,069 பேருக்கும் பொருந்தியிருந்தால் 41 பேர் நோயுற்றிருப்பர். உண்மையில் நோயுற்றவர் 33 பேர். பதினாயிரம் பேரைக் கவனித்து எழுதிய முடிவு எட்டு நோயாளிகளின் வேறுபாட்டின்மேல் நிற்கிறது. எட்டு என்பது தற்செயலாகக் கூடவோ குறையவோ வல்ல எண். ஊசிக்கு யாதொரு பயனும் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், இதே அளவில் மூன்று ஆய்வுகள் நடத்தினால் அவற்றுள் ஏறக்குறைய ஒன்றில் இவ்வளவு வேறுபாடு, இப்பக்கமோ அப்பக்கமோ, தானாகவே தோன்றும்.

இதனை அறிந்தவுடன் "போதாது, திருப்பி அனுப்புக" என்று ஒருவரி எழுதிவிடலாம். அவ்வாறு எழுதுவோரும் உண்டு. அதனால் எழுதியவருக்கு வழி புலப்படாது. பல ஆண்டுக் கிராம உழைப்பும் பெட்டிக்குள் போய்விடும். நல்ல மதிப்பீட்டாளர் எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணமும் பரிகாரமும் சேர்த்து எழுதுவார். அவர் அறிக்கை இவ்வாறு அமையலாம்:

"ஐயா, எளிதில் கிடைக்காத விவரங்களைத் தாங்கள் ஆராய எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கீழ்க்கண்டவை திருத்தப்பட்டால் கட்டுரை வெளியிடத் தக்கதாகும்.

முதலாவது: ஒருவர் விட்டு ஒருவராக ஊசி போட்டிருந்தால் இரு பகுதியினரும் ஏறத்தாழச் சமமாக இருத்தல் வேண்டும். தங்கள் கணக்கில் 739 பேர் வேறுபாடு உள்ளது. ஒவ்வொருவருக்கும் நாணயம் சுண்டிப் பார்த்துப் பிரித்திருந்தாலும் பெரும்பாலும் இருநூறுக்குமேல் வேறுபாடு வாராது. ஆகவே இந்த 739 தற்செயலன்று. ஊசி என்றதும் மறுத்தோரை ஒரு பக்கத்தில் மட்டும் நீக்கிவிட்டீர்களா? அவ்வாறாயின் ஊசிப் பகுதியில் மறுக்காதவர் மட்டுமே எஞ்சுவர். மறுபகுதியில் மறுக்கக்கூடியவரும் கலந்திருப்பர். இருவரும் வாழ்க்கை நிலையில் ஒத்தவராக இரார். தொடக்கத்தில் பட்டியலில் இருந்தோர் எத்தனை பேர், எந்தெந்தக் காரணத்தால் எத்தனை பேர் விலகினர் என்று படிப்படியாக ஓர் அட்டவணை தருக. யாருக்கு எது ஒதுக்கப்பட்டதோ அப்படியே வைத்து, மறுத்தோரையும் சேர்த்து ஒருமுறை கணக்கிட்டுக் காட்டுக.

இரண்டாவது: நோயுற்றோரை மொத்தத் தொகையால் வகுத்திருக்கிறீர்கள். இடையில் பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட்டவர்கள் இக்கணக்கில் நோயற்றவராக எண்ணப்படுகின்றனர். அவர்களுக்கு நோய் வந்ததோ இல்லையோ, நம் ஏட்டில் பதிவாவதில்லை. ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டு கண்காணிப்பில் இருந்தார் என்று கூட்டி, அந்த ஆண்டுகளின் தொகையால் வகுக்க. ஊரை விட்டவர் இரு பகுதியிலும் ஒரே வீதத்தில் விட்டனரா என்பதையும் காட்டுக.

மூன்றாவது: மார்பு எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோய் என்று தீர்ப்புச் சொன்னவர் யார்? படத்துக்குரியவர் ஊசி போட்டவரா இல்லையா என்பது அவருக்குத் தெரியுமா? ஐயத்துக்கிடமான நிழலைப் பார்க்கும்போது அந்த அறிவு கண்ணை ஒரு பக்கம் சாய்த்துவிடும். எட்டுப் பேர் வேறுபாட்டை உண்டாக்க ஒவ்வொரு பகுதியிலும் நாலைந்து படங்களே போதும். தெரிந்தே பார்த்திருப்பின், படங்களை எண் மட்டும் இட்டு வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் பார்க்கச் செய்க.

நான்காவது: 'இருபது குறைத்தது' என்னும் தனி எண்ணை மாற்றி எல்லைகளோடு எழுதுக. தங்கள் எண்களை வைத்து நாங்கள் கணக்கிட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பகத்துக்குரிய எல்லை, நோய் நூற்றுக்கு 48 குறைவதிலிருந்து 25 கூடுவது வரை பரந்திருக்கிறது. நோய் பாதியளவு குறைவதும் இதில் அடங்கும். கால் பங்கு மிகுவதும் அடங்கும். ஆகவே முடிவுரை இவ்வாறு அமையலாம்: இந்த ஆய்வு பயன் உண்டென்று நிறுவவில்லை; பயன் இல்லையென்றும் நிறுவவில்லை."

இறுதி வாக்கியத்தை நேயர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். 'வேறுபாடு நிறுவப்படவில்லை' என்பதை 'வேறுபாடு இல்லை' என்று படித்துவிடுவது இத்துறையில் அடிக்கடி நிகழும் பிழை. விளக்கு மங்கலாக இருக்கும்போது அறையில் பாம்பு தென்படவில்லை என்பதால் பாம்பு இல்லையென்று ஆகிவிடாது. விளக்கைத் தூண்ட வேண்டும் என்றே ஆகும். மதிப்பீட்டாளர் சொல்ல வேண்டியதும் அதுவே: எவ்வளவு தூண்ட வேண்டும்?

அதற்கும் கணக்கு உண்டு. ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு வரும் ஒரு நோயை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும் மருந்து உண்மையிலேயே இருக்குமாயின், ஐந்து ஆய்வுகளில் நான்கிலாவது அது தெளிவாகப் புலப்படுவதற்கு ஒவ்வொரு பகுதியிலும் ஏறக்குறைய 45,000 பேர் வேண்டும். மதனப்பள்ளியில் ஐயாயிரமே இருந்தனர். அந்த ஆய்வாளரின் உழைப்பில் குறையில்லை. நோய் அரிதாக வருவதால் எண்ணிக்கை அவ்வளவு தேவைப்படுகிறது. மதிப்பீட்டாளர் தம் அறிக்கையின் கடைசிப் பத்தியில் இந்த எண்ணைக் குறித்துவிட்டால், அடுத்த ஆய்வைத் தொடங்குவோர்க்கு அது வழிகாட்டும்.

அத்தகைய பேராய்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1968இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு அதைத் தொடங்கிற்று. யாருக்கு எது என்பது தற்செயல் முறையால் ஒதுக்கப்பட்டது. ஊசி போடாத பகுதியினருக்கும் மருந்தில்லாத ஊசி ஒன்று போடப்பட்டது. எவருக்கு எது கிட்டியதென்று ஊராரும் அறியார், படம் பார்த்தவரும் அறியார். நம் கற்பனை மதிப்பீட்டாளர் கேட்ட மூன்றாவது கேள்விக்கு இங்கே முன்னரே விடை அமைந்துவிட்டது. முதற்கட்ட முடிவு 1980ஐ ஒட்டி வெளிவந்தபோது, தொகுப்பு நூல்களில் வழங்கும் கணக்கின்படி, ஒவ்வொரு பகுதியிலும் 88,391 பேர். நோய் கண்டவர் ஊசிப் பகுதியில் 505 பேர், மறு பகுதியில் 499 பேர். எல்லைகளைக் கணக்கிட்டால் நூற்றுக்குப் பதினொன்று குறைவதிலிருந்து பதினான்கு மிகுவது வரைதான். 48 முதல் 25 வரை அகன்றிருந்த மூடுபனி இவ்வளவு சுருங்கிவிட்டது. அப்பகுதியில், அந்த ஆண்டுகளில், நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது என்று இனிச் சொல்ல இயலாது.

இதிலிருந்து தடுப்பூசியே வீண் என்று எவரும் கொள்ளலாகாது. குழந்தைகளின் மூளைச் சவ்வைத் தாக்கும் காசநோயையும், உடலெங்கும் பரவும் காசநோயையும் அது தடுக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் சான்று உண்டு. ஆதலால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் நம் நாட்டில் அது போடப்படுகிறது. செங்கற்பட்டு விடை கூறியது வேறொரு கேள்விக்கு. எந்தக் கேள்விக்கு எந்த எண் விடை என்று பிரித்துக் காட்டுவதும் மதிப்பீட்டாளர் கடமையே.

மதனப்பள்ளியின் எண்கள் வீணாகிவிடவும் இல்லை. பல நாட்டுப் பி.சி.ஜி. ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் கணக்குகளில், செங்கற்பட்டின் எண்களோடு அவையும் ஒரு வரிசையாக நிற்கின்றன. தனியே நின்று தீர்ப்புச் சொல்ல இயலாத எண்கள் அங்கே சான்றாகப் பயன்படுகின்றன. அவ்வாறு பயன்படுவதற்கு ஒன்று மட்டுமே தேவைப்பட்டது: எத்தனை பேரில் எத்தனை பேர் என்னும் நான்கு எண்களும் மறைக்கப்படாமல் ஏட்டில் ஏறியிருந்தது. ஆகவே திருப்பதி இளைஞருக்கு மதிப்பீட்டாளர் எழுதும் ஐந்தாவது குறிப்பு மிகச் சிறியது: "விழுக்காட்டை மட்டும் அச்சிடாதீர்கள், மூல எண்களை அட்டவணையில் விடாமல் தருக."