மூன்றாவது சுற்று

சங்கரன்கோவில் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்தகுதித் தேர்வு நாள் என்று வைத்துக்கொள்வோம். கேலோ இந்தியா முறையில் 600 மீட்டர் ஓட்டம் உண்டு. 200 மீட்டர் தடத்தில் மூன்று சுற்று. நாற்பது பேரையும் ஒன்றாக விட்டால், கடைசிப் பிள்ளை மூன்றாவது சுற்றை ஊரே பார்க்கத் தனியாக ஓடும். ஆறு ஆறு பேராக விடுங்கள். மற்றவர்களுக்கு மறுபக்கம் வேறு சோதனை நடக்கட்டும். வெயில் ஏறுமுன், காலையிலேயே முடித்துவிட வேண்டும். அடுத்த முறையும் அதே நேரம், அதே தடம். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

ஒரு மாணவிக்கு ஜூலையில் 3 நிமிடம் 20 விநாடி, ஜனவரியில் 3 நிமிடம் 5 விநாடி. வகுப்பில் கடைசிதான், ஆனால் 15 விநாடி முன்னேறியிருக்கிறாள். அட்டையில் அதைத்தான் எழுத வேண்டும்.

எடையைத் திரைக்குப் பின்னால் பாருங்கள், உரக்கச் சொல்லாதீர்கள். உடல் நிறைக் குறியீட்டுக்குப் பெரியவர்கள் அட்டவணை பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வயது, பாலினம் பார்த்தே கணக்கிட வேண்டும். ஆசிரியர்களே, மதிப்பெண் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல், அவரவர் கையில் கொடுங்கள்.