செத்தது போர்டா, ஒயரா?

போன வாரம் அரியாங்குப்பத்துல அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாடி டேங்க் நிறைஞ்சதும் மோட்டாரை நிறுத்தற கன்ட்ரோலர் ஒண்ணு அங்க இருக்கு. அர்டுயினோ யூனோ போர்டு வச்சு நான்தான் செஞ்சேன். அது உயிரே இல்லாம கிடந்தது. "புதுசா ஒண்ணு வாங்கிடுப்பா"ன்னாங்க அத்தை. நான் மல்டிமீட்டரை எடுத்தேன்.

முதல் வேலை, மோட்டாருக்குப் போற 230 வோல்ட் லைனைக் கழட்டினது. அப்புறம் அடாப்டரை மட்டும் போட்டு, மீட்டரை டிசி 20 வோல்ட்டுல வச்சேன். கறுப்பு முனை `GND`-யில. சிவப்பு முனையை `VIN`-ல வச்சா 11.2 வோல்ட். 12 வோல்ட் அடாப்டர்தான், வழியில இருக்கற டயோடு கொஞ்சம் எடுத்துக்கும். அதனால இது சரி. ஆனா `5V` பின்ல வெறும் 0.6. அதுவும் ஏறி இறங்குது. ரெகுலேட்டரைத் தொட முடியல, அவ்வளவு சூடு.

5 வோல்ட் வரலன்னதும் ரெகுலேட்டரை மாத்திடத் தோணும். ஆனா அதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, ரெகுலேட்டர் குடுக்கல. இன்னொண்ணு, அது குடுக்கறதை ஏதோ ஒண்ணு மொத்தமா இழுக்குது. இந்தச் சூடு ரெண்டாவதைக் காட்டுது.

உறுதி பண்ண பவரைப் பிடுங்கி, கெப்பாசிட்டர் இறங்க ஒரு நிமிஷம் விட்டேன். கன்டினியூட்டி பீப் மட்டும் போதாது. பல மீட்டர்கள் முப்பது, நாப்பது ஓம் இருந்தாக்கூட கத்தும். அதனால 200 ஓம் ரேஞ்ச். ரெண்டு முனையையும் ஒட்டினா 0.4, இது மீட்டர் ஒயரோடது. `5V`-க்கும் `GND`-க்கும் நடுவுல 1.9. கழிச்சா 1.5 ஓம். ஷார்ட்தான். டேங்க் சென்சாருக்குப் போற கேபிளை போர்டுல இருந்து உருவினேன். உடனே போர்டுல அளவு ஆயிரம் ஓமைத் தாண்டிடுச்சு. அப்போ போர்டு மேல தப்பு இல்ல. உருவின பிறகும் அளவு குறைஞ்சே இருந்திருந்தா, போர்டுக்குள்ளதான் தேடியிருக்கணும்.

இந்த 1.5 ஓம் இன்னொண்ணும் சொல்லுது. என் கேபிள்ல ஒவ்வொரு ஒயரும் 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு; மீட்டருக்குச் சுமார் 0.085 ஓம். போக வர 0.17. 1.5-ஐ 0.17-ஆல வகுத்தா ஏறக்குறைய 9 மீட்டர். கேபிள் மொத்தம் 15 மீட்டர். சென்சாரைக் கழட்டிட்டு அந்த முனையில இருந்து அளந்தேன்: 1.0 ஓம், அதாவது 6 மீட்டர். கூட்டினா கணக்கு சரியா வருது. மீட்டர் 0.1 ஓம்தான் பிரிச்சுக் காட்டும், அதனால அரை மீட்டருக்கு மேல முன்னப்பின்ன இருக்கலாம்.

அந்த இடத்துல போய்ப் பார்த்தா, முருங்கைக் கிளை உரசற கைப்பிடிச் சுவர் மேல அணில் கடிச்சு, சிவப்பும் கறுப்பும் ஒட்டிக் கிடந்தது. வெட்டி, சால்டர் வச்சு, ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். பவர் போடறதுக்கு முன்னாடி மறுபடி ஓம் பார்த்தேன், ஷார்ட் இல்ல. இப்போ `5V` பின்ல 4.98. ரெகுலேட்டரும் பிழைச்சுக்கிச்சு, ரொம்பச் சூடானா தானே அடங்கிக்கற பாதுகாப்பு அதுக்குள்ளயே இருக்கு.