நோய் கண்ட பிள்ளைகளை மட்டும் எண்ணுவது ஏன்?



ஊசி போட்ட மூன்றாம் வாரம் பிள்ளைக்கு நோய் கண்டால் ஊசிதான் கெடுத்ததென்று தாய் அழுகிறாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததென்று டாக்டர் சொல்லிவிடுகிறார். தாய் என்பதற்காகவோ, டாக்டர் என்பதற்காகவோ நாம் எதையும் நம்ப வேண்டியதில்லை. கணக்கைக் கேட்போம்.

ஊசி போட்ட பிள்ளைகளையும் போடாத பிள்ளைகளையும் ஒப்பிட்டால் என்னவென்பீர்கள். போடாத பிள்ளை பரம ஏழையாயிருக்கலாம். சீக்காளியென்று ஊசி மறுக்கப்பட்டதாயுமிருக்கலாம். அவ்வொப்பீடு நம்மை ஏமாற்றிவிடும். ஆகவே 1995ல் இங்கிலாந்தில் ஃபாரிங்டன் என்ற புள்ளிவிவர நிபுணர் வேறு வழி சொன்னார். நோய் கண்ட பிள்ளைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பிள்ளையையும் அதே பிள்ளையோடு ஒப்பிடுவது. வறுமையும் பிறவிப் பலவீனமும் இருபுறமும் ஒன்றாகையால் கழிந்துபோகும். நோயே வராதவர்களை விட்டது மோசடியல்லவா என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். இங்கே கேள்வி யாருக்கு வந்தது என்பதல்ல. வந்த நோய் எந்த நாளில் வந்தது என்பதே. வராதவனிடம் அதற்குப் பதிலேது?

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசியில் 'உராபே' என்னும் ஒருவகைப் பொன்னுக்கு வீங்கிக் கிருமி இருந்தது. ஆக்ஸ்போர்டில் இரண்டாவது வயதில் மூளைச்சவ்வு வீக்கம் கண்ட 10 பிள்ளைகளின் கணக்கைப் பாருங்கள். பத்துப் பேருக்கும் அதே வயதில் அவ்வூசி போடப்பட்டது. ஊசிக்குப்பின் 15ஆம் நாள் முதல் 35ஆம் நாள் வரையுள்ள 21 நாளைச் சந்தேக காலமாக வைத்தார்கள். வருஷத்தில் மீதி 344 நாள். ஊசிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லையானால், பத்தில் ஒருவர் அந்த 21 நாளில் அகப்படுவதே அதிகம். அகப்பட்டவரோ ஐந்து பேர்! மற்ற ஐவர் 344 நாளில் சிதறிக்கிடந்தார்கள். நாளொன்றுக்குப் பார்த்தால் ஏறக்குறைய 16 மடங்கு.

ஆனால் பிள்ளைக்கு வயது ஏறுகிறது. வயதுக்கேற்ப நோயும் கூடும், குறையும். பிள்ளை ஒன்றேயானாலும் இது மட்டும் கழியாது. வருஷத்தைத் துண்டாக்கி அதையும் சரிக்கட்டியபோது சுமார் 12 மடங்கு நின்றது. பத்தே பேராகையால் உண்மையான மடங்கு மூன்றாயிருக்கலாம், நாற்பதுக்கு மேலுமிருக்கலாம். ஒன்றாக மட்டும் இருக்குமென்று நம்ப இடமில்லை. தாய் அழுததில் நியாயமிருந்தது. இங்கிலாந்தில் 1992லேயே அவ்வகைக் கிருமியுள்ள ஊசியை நிறுத்தி, வேறு வகைக் கிருமியுள்ள ஊசியைப் போட்டார்கள்.

இம்முறை தவறுவதும் உண்டு. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஊசியைத் தள்ளிப்போடுவது வழக்கமல்லவா? அதனால் ஊசிக்கு முந்தின சில நாட்களில் நோயே இல்லாததுபோல் தோன்றி, பிந்தின நாட்களின் மேல் பழி கூடும். நோய்களை நாள்வாரியாக வரைந்தால் ஊசிக்கு முன்னே ஒரு பள்ளம் தெரியும். தெரிந்தால் அந்நாட்களைத் தனியே பிரித்துவிட வேண்டும்.

இன்னொன்று. எத்தனை மடங்கென்று இது சொல்லும். லட்சத்தில் எத்தனை பிள்ளைக்கென்று சொல்லாது. அதற்கு நாம் விட்டுவிட்ட பிள்ளைகளையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.