“எனக்குச் சட்டம் தெரியாதுங்க”

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சட்ட விழிப்புணர்வு அமர்வில் பேசியது)



நான் வக்கீல் தொழில் பார்க்கிறேன். எங்க அம்மா பத்து வருஷத்துக்கும் மேல ஒரு குழுவில் உறுப்பினர். அதனால தீர்மானப் புத்தகத்துக்கும் சந்தா நோட்டுக்கும் நான் புதுசு இல்லை. என் ஆபீசுக்கு வர்றவங்க உட்கார்ந்ததும் சொல்ற முதல் வாக்கியம் ஒண்ணு உண்டு. “மேடம், எனக்குச் சட்டம் தெரியாதுங்க, தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்.” சொல்றவங்க பெரும்பாலும் பொய் சொல்றதில்லை. ஆனாலும் கோர்ட்டில் அந்த வாக்கியத்தை வெச்சுக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியாது. ஏன் முடியாது, எப்போ எது செல்லும் என்பதைத்தான் இன்னிக்குப் பேசலாம்னு வந்தேன்.

ஒரு பழைய வழக்கில் இருந்து ஆரம்பிக்கிறேன். 1962 நவம்பர் மாசம். ஜெர்மன் நாட்டுக்காரர் ஒருத்தர் சுவிட்சர்லாந்தில் விமானம் ஏறி மணிலாவுக்குப் போகிறார். சட்டைக்கு மேல போட்டிருந்த ஜாக்கெட்டுக்குள்ள 34 கிலோ தங்கம். விமானம் வழியில் பம்பாயில் நின்றது. அவர் இறங்கக்கூட இல்லை, சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். சுங்க அதிகாரிகள் உள்ளே வந்து சோதனை போட்டுப் பிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி, இந்தியா வழியாகக் கடந்து போகிற தங்கத்துக்குச் சலுகை இருந்தது. அப்படிப் போகிற தங்கத்தையும் விமானத்தின் சரக்குப் பட்டியலில் காட்டணும்னு புது உத்தரவு நவம்பர் 24-ஆம் தேதி இந்திய அரசிதழில் வந்தது. இவர் கிளம்பினது 27-ஆம் தேதி. மூணே நாள். சுவிட்சர்லாந்தில் இருக்கிற மனுஷன் நம்ம அரசிதழை எங்கே படிப்பார்?

பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை பண்ணிச்சு. உச்ச நீதிமன்றத்தில் மூணு நீதிபதிகளில் ரெண்டு பேர் அதை ஏத்துக்கலை. உத்தரவு இந்தியாவில் முறைப்படி வெளியாயிடுச்சு, அதுக்கு அப்புறம் ‘எனக்குத் தெரியாது’ என்பது பதில் ஆகாதுன்னு சொல்லி, அவர் செஞ்சது குற்றம்தான்னு தீர்ப்பு வந்தது. தண்டனையை மட்டும், ஏற்கெனவே உள்ளே இருந்த காலம் போதும்னு குறைச்சாங்க. ஒரு நீதிபதி மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். எனக்கும் அந்த மூணு நாள் கணக்கு கொஞ்சம் கடுமையாத்தான் படுது. ஆனா மறுபக்கத்தையும் யோசிங்க. ‘தெரியாது’ன்னு சொன்னாலே விட்டுடலாம்னா, அவருக்கு உள்ளபடியே தெரிஞ்சிருந்துதா இல்லையான்னு அரசாங்கம் எப்படி நிரூபிக்கும்? மனசுக்குள்ள போய்ப் பார்க்க முடியாது. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவங்க மாட்டிக்குவாங்க, காதைப் பொத்திக்கிட்டவங்க தப்பிச்சுக்குவாங்க.

குற்ற வழக்கில்தான் இவ்வளவு கறார். பணத்துல ஒரு விலக்கு இருக்கு, அதைச் சொல்லிட்டுப் போறேன். கட்ட வேண்டாத பணத்தை, கட்டணும்னு தப்பா நினைச்சுக் கட்டிட்டா, வாங்கினவர் திருப்பித் தரணும்னு ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு சொல்லுது. பனாரஸில் ஒரு வியாபாரி விற்பனை வரி கட்டினார். அந்த வரியே செல்லாதுன்னு பின்னாடி தெரிய வந்தது. சட்டத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டுக் கட்டின பணமும் இந்தப் பிரிவுக்குள்ள வரும்னு 1958-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. தப்புன்னு தெரிய வந்த நாளில் இருந்து மூணு வருஷத்துக்குள்ள கேட்கணும். ரசீதைத் தொலைச்சுட்டு வராதீங்க.

சரி, குற்ற வழக்குக்கே திரும்புவோம். சட்டம் தெரியாதது வேற, நடந்த விஷயம் தெரியாதது வேற. இந்த ரெண்டாவதுக்குச் சட்டத்தில் இடம் இருக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 79-வது பிரிவு, 2024 ஜூலையில் இருந்து நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 17-வது பிரிவு. விஷயத்தைத் தப்பா நினைச்சு, நல்லெண்ணத்தோட, நாம செய்யறது சட்டப்படி சரியானதுன்னு நம்பிச் செஞ்சா அது குற்றம் ஆகாது. அந்தப் பிரிவுக்குள்ளேயே, ‘சட்டத்தைத் தப்பா நினைச்சா இது பொருந்தாது’ன்னும் எழுதியிருக்கு.

இதுக்கு வக்கீல்கள் எல்லாரும் சொல்ற வழக்கு ஒரிசாவில் நடந்தது, 1950-களின் கடைசியில். கைவிட்டுப் போன ஒரு விமானத் தளம். ராத்திரியில் அங்கே பேய் நடமாடுதுன்னு ஊர் முழுக்க நம்பிக்கை. பழைய இரும்பு வாங்க வந்த வியாபாரியோட கூட வந்த நேபாளி வேலைக்காரர், நடு ராத்திரியில் அந்த வழியா வரும்போது தூரத்தில் ஒரு விளக்கு மினுக்கறதையும் அதைச் சுத்தி உருவங்கள் அசையறதையும் பார்த்தார். பேய்தான்னு நினைச்சுக் கையில் இருந்த குக்ரி கத்தியோட பாய்ஞ்சு வெட்டினார். அங்கே இருந்தது லாந்தர் விளக்கை வெச்சுக்கிட்டு இலுப்பை மரத்தடியில் பூப் பொறுக்கிக்கிட்டிருந்த ஆதிவாசிப் பெண்கள். ஒரு பெண் செத்துப் போனாங்க.

அவர் கவனமா நடந்துக்கலைன்னு அரசுத் தரப்பு வாதாடிச்சு. உயர் நீதிமன்றம் ஏத்துக்கலை, விடுதலை ஆனார். மனுஷரை வெட்டறோம்னு அவருக்குத் தெரியாது, பேயை வெட்டறதாத்தான் நம்பினார் என்பது காரணம். சட்டப்படி சரியான தீர்ப்புன்னு படிச்சவங்க சொல்றாங்க. எனக்கு இந்த வழக்கைச் சொல்லும்போதெல்லாம் பூப் பொறுக்கப் போன அந்த அம்மாவைத்தான் நினைப்பு வருது. வயித்துப் பாட்டுக்கு ராத்திரியில் விளக்கெடுத்துக்கிட்டுப் போனவங்க.

இதில் முக்கியமான சொல் ‘நல்லெண்ணம்’. நாம சாதாரணமாச் சொல்ற நல்ல மனசு இல்லை அது. போதுமான கவனமும் அக்கறையும் இல்லாமல் நம்பினது எதுவும் நல்லெண்ணம் ஆகாதுன்னு சட்டமே அர்த்தம் கொடுத்திருக்கு. நம்ம பக்கத்து வழக்கு ஒண்ணில் இதைத்தான் நேரடியாப் பார்த்தேன். வழக்கு நடந்துக்கிட்டிருக்கு, அதனால ஊர் பேர் சொல்லலை.

ஒரு கல்யாணம். பொண்ணுக்கு 19 வயசுன்னு சொன்னாங்க. கல்யாணம் முடிஞ்ச மறு வாரமே 1098-க்கு யாரோ போன் பண்ணிட்டாங்க. பள்ளிக்கூடத்து ரெக்கார்டைப் பார்த்தா 16. மூணு பெண்களை விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. பொண்ணோட அம்மா, அந்த ஊர்க் குழுவின் ஊக்குநர், வெளியூரில் இருந்து சமையலுக்கு வந்த அம்மா. ஊக்குநர் பேரு பத்திரிகையில் ‘முன்னின்று நடத்துபவர்’னு போட்டிருந்தது.

2006-ஆம் வருஷக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் 10-வது பிரிவு, கல்யாணத்தை நடத்தி வைக்கிறவங்க, உடந்தையா இருக்கிறவங்க பத்தினது. ரெண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஆனா அதிலேயே ஒரு வழி இருக்கு. இது குழந்தைத் திருமணம் இல்லைன்னு நம்புறதுக்குத் தனக்குக் காரணம் இருந்ததுன்னு அவங்க நிரூபிச்சா தப்பிக்கலாம். நிரூபிக்க வேண்டியது போலீஸ் இல்லை, நாம.

அம்மா சொன்னாங்க, “என்னையே பதினாறுலதான் கட்டிக் கொடுத்தாங்க, பதினெட்டு ஆகணும்னு எனக்குத் தெரியாது.” இது சட்டம் தெரியாத கதை. பொண்ணு வயசு அவங்களுக்கு நல்லாத் தெரியும், பெத்தவங்க. இந்தப் பதில் நிக்காது. 11-வது பிரிவில், பெத்தவங்க கவனக்குறைவா விட்டுட்டாங்கன்னே சட்டம் முதலில் எடுத்துக்கும். இல்லைன்னு காட்டறது அவங்க பொறுப்பு. அந்தப் பிரிவில் பெண்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது, அபராதம் உண்டு.

சமையல்காரம்மாவுக்குப் பொண்ணை முன்னே பின்னே தெரியாது. பந்திக்கு எத்தனை இலை என்பதுதான் அவங்க கேட்ட கேள்வி. கல்யாணத்தன்னிக்குப் பட்டுப் புடவையும் நகையுமாத் தூரத்தில் பார்த்ததுதான். ‘வயசு எனக்குத் தெரியாது, சந்தேகப்படவும் ஒண்ணும் இல்லை’ன்னு அவங்க சொன்னா, அதில் ஒரு நியாயம் இருக்கு.

கஷ்டம் நடுவில் இருக்கிற ஊக்குநருக்குத்தான். அவங்க என்கிட்ட வந்தாங்க. “மேடம், 19-ன்னு அவங்க அம்மாவே சொன்னாங்க. ஜாதகம் காட்டினாங்க. நம்பிட்டேன்.” சட்டம் அவங்களுக்குத் தெரியும், நம்ம பயிற்சியிலேயே சொல்லியிருக்கோம். அதனால அவங்க சொல்றது வயசு விஷயத்தில் நடந்த தப்பு, சட்டம் இடம் கொடுக்கிற வகைத் தப்பு. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அக்கா, இந்த வருஷம் அந்தப் பொண்ணை யூனிஃபார்மில் பார்த்தீங்களா?” அவங்க வீடு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கு. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க, “தினமும் பார்ப்பேன். பெயிலாகி லேட்டாப் படிக்குதுன்னு நினைச்சேன்.” நினைச்சாங்களே தவிர, கேட்கலை. எதிர்த்தரப்பு வக்கீல் இந்த இடத்தைத்தான் பிடிப்பார்.

ஜாதகம் யார் வேணா எழுதலாம். ஆதாரில் இருக்கிற பிறந்த தேதியைக்கூட வயசுக்கு ஆதாரமா வெச்சுக்க முடியாதுன்னு 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பிறப்புச் சான்றிதழோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ வாங்கிப் பார்த்து, அதில் 19 வயசு வர்ற மாதிரி தேதி இருந்து, பின்னாடி அந்தக் காகிதமே போலின்னு தெரிஞ்சிருந்தா, அந்த அக்கா நிலைமை வேற. அப்போ, நம்புறதுக்கு என்ன காரணம்னு கோர்ட்டில் காட்ட அவங்க கையில் ஒண்ணு இருந்திருக்கும்.

போன கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டாங்க, “மொய் வெச்சுட்டு சாப்பிட்டு வந்தாலும் தப்பாங்க?” 11-வது பிரிவில், குழந்தைத் திருமணத்தை ஊக்குவிக்கிறதில் கலந்துக்கிறதையும் சேர்த்திருக்காங்க, அதனால தெரிஞ்சே போனவங்க பேரும் வழக்கில் வரலாம். மண்டபத்துக்குப் போய்த்தான் பொண்ணு சின்னதுன்னு தெரிஞ்சா என்ன பண்றதுன்னும் கேட்டாங்க. வெளியே வந்து 1098-க்குப் போன் பண்ணுங்க. உங்க பேரைச் சொல்ல வேண்டியதில்லை.