கிரிப்டோ சந்தையில் கட்டணம் எங்கே இருக்கிறது?

பிட்காயின் போன்ற நாணயங்களை விற்று வாங்கும் எக்ஸ்சேஞ்சு ஒன்றில், ஒரே வேளையில் ஆயிரம் டாலருக்கு வாங்கிய மூவரில், ஒருவர் இரண்டரை டாலரும், மற்றொருவர் நான்கு டாலரும், கட்டணமே கிடையாது என்று நம்பிய மூன்றாமவர் ஏறக்குறைய பத்து டாலரும் இழக்கக்கூடும்.

வாங்குவோர் கேட்கும் விலைகளும் விற்போர் சொல்லும் விலைகளும் ஆர்டர் புக் என்ற பட்டியலில் வரிசையாக நிற்கின்றன. 59,990 டாலருக்கு வாங்க ஒருவரும், 60,010 டாலருக்கு விற்க ஒருவரும் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்களும் 59,990 என்று விலை குறித்துக் காத்திருந்தால் நீங்கள் மேக்கர். காத்திராமல் 60,010-க்கு இருப்பதை எடுத்துக்கொண்டால் டேக்கர். காத்திருக்கும் ஆர்டர்கள் இல்லாத சந்தையில் வியாபாரமே நடவாது ஆகையால், பல எக்ஸ்சேஞ்சுகள் மேக்கரிடம் 0.25 சதவிகிதமும் டேக்கரிடம் 0.40 சதவிகிதமும் என்பதுபோல் வித்தியாசம் வைக்கின்றன. சில இருவரிடமும் ஒரே விகிதம் வாங்குவதும் உண்டு. விலை ஏறிப் போய்விட்டால் மேக்கரின் ஆர்டர் நிறைவேறாமலே நிற்கும் என்பது அந்தச் சலுகைக்கு அவர் ஏற்கும் அபாயம்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லிமிட் ஆர்டர் போட்டாலே மேக்கர் ஆகிவிடலாம் என்று எண்ணி 60,020 என்று விலை குறித்தால், அது 60,010-இல் நிற்கும் சரக்கோடு உடனே பொருந்திவிடுவதால், டேக்கர் கட்டணமே விழும். போஸ்ட் ஒன்லி என்ற குறியை இட்டால், அப்படிப் பொருந்தக்கூடிய ஆர்டர் ரத்தாகிவிடும்.

மூன்றாமவர் பயன்படுத்தியது கன்வெர்ட் என்னும் பொத்தான். அங்கே கட்டணம் பூஜ்யம் என்று எழுதியிருந்தாலும், ஆர்டர் புக்கில் 60,010 ஆக இருக்கும் பிட்காயினுக்கு 60,600 என்று விலை சொன்னால், ஏறக்குறைய ஒரு சதவிகிதம் விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஒரே கணத்தில் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் கேட்டுப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் பாதிதான் நீங்கள் ஒருமுறை கொடுக்கும் உண்மையான கட்டணம் என்பது புலப்படும்.

நாணயத்தைச் சொந்த வாலட்டுக்கு எடுக்கும்போது கணக்கு வேறு. பெரும்பாலும் தொகை எவ்வளவாயினும் நிலையான கட்டணமே. அது 0.0002 பிட்காயின் என்றால், மேலே சொன்ன விலையில் ஏறக்குறைய பன்னிரண்டு டாலர். பத்தாயிரம் டாலர் எடுப்பவருக்கு அது அற்பம், நூறு டாலர் எடுப்பவருக்கோ பன்னிரண்டு சதவிகிதம். பலருடைய கோரிக்கைகளை எக்ஸ்சேஞ்சு ஒரே பரிவர்த்தனையாகச் சேர்த்து அனுப்புவதும் உண்டாதலால், இதை நெட்வொர்க் கேட்கும் கட்டணம் என்றே கொள்வதற்கில்லை. யுஎஸ்டிடி போன்ற நாணயத்தை எதீரியத்தைவிட டிரான் வழியாக எடுப்பது சில சமயம் மலிவு. ஆனால் பெறுகிற இடம் அதே நெட்வொர்க்கை ஏற்காவிட்டால் பணம் மீளாமலே போகலாம்.

ஆகவே, சிறு தொகையுடன் தொடங்கும் நேயர்கள், வாங்குவதற்கு முன்பே வித்டிராயல் கட்டணப் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.